கடலூருக்கு வந்த பி நெகட்டிவ் பை: இரத்த வகை அசைன்மென்ட் எழுதுவோருக்கு

கடலூரில் ஒரு இரத்த வங்கியின் லேபில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் சுற்றோட்டப் பாடம் நடக்கிற சமயத்தில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். “அத்தை, இரத்த வகை அசைன்மென்ட், கொஞ்சம் பாருங்க.” பத்தாம் வகுப்பும் வரும், நர்சிங் முதலாண்டும் வரும். எல்லார் நோட்டிலும் அதே படம்தான்: நாலு வட்டம், நடுவில் அம்புக்குறிகள், ஓ எல்லாருக்கும் கொடுக்கும், ஏபி எல்லாரிடமும் வாங்கும். “சரி, ஏ ஏன் பி-க்குக் கொடுக்கக் கூடாது?” என்று கேட்டால் அம்புக்குறியைத்தான் திரும்பக் காட்டுவார்கள்.

அதனால் நான் சொல்லிக் கொடுக்கிற வழி வேறு. அட்டவணையை முதலில் எழுதாதீர்கள். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் போகிற ஒரே ஒரு பையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பின்னாலேயே போங்கள். அட்டவணை வழியில் தானாக வந்து விழும்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. “இரத்தம் எப்படிக் கொண்டு செல்லப்படுகிறது” என்று தலைப்பு கொடுத்திருந்தால், உடலுக்குள் இரத்தம் ஓடுவதைக் கேட்கிறார்களா, பையில் ஊர் விட்டு ஊர் போவதைக் கேட்கிறார்களா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போன வருஷம் ஒரு பையன் இதயத்தின் நாலு அறைகளையும் அழகாக வரைந்து கொண்டுபோய் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இங்கே நான் சொல்லப் போவது பையின் பயணத்தை.

படி 1: நோயாளியை முன்னால் நிறுத்துங்கள்

இது எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்த கேஸ். ஆனால் இதில் வருகிற ஒவ்வொன்றும் லேபில் நடப்பதுதான். கடலூரில் ஒரு மருத்துவமனை. 26 வயதுப் பெண், முதல் பிரசவம். குழந்தை பிறந்த பிறகு இரத்தப்போக்கு கூடுதலாகப் போய்விட்டது. ஹீமோகுளோபின் 6.2. இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். டாக்டர் இரண்டு பை சிவப்பணு கேட்கிறார். வகை பி நெகட்டிவ்.

“இரத்தம்” என்று சொல்லாமல் “சிவப்பணு” என்று சொன்னதைக் கவனியுங்கள். கொடையாளரிடமிருந்து 350 மில்லியோ 450 மில்லியோ எடுத்தவுடன், பெரும்பாலான இடங்களில் அதைச் சுழல் எந்திரத்தில் போட்டுப் பிரித்துவிடுவார்கள். சிவப்பணு ஒரு பை, பிளாஸ்மா ஒரு பை, தட்டணு ஒரு பை. சிவப்பணுப் பையை வார்டில் ‘பேக்டு செல்’ என்பார்கள். யாருக்கு எது சேரும் என்கிற கணக்கு இந்தப் பைக்கு ஒரு மாதிரியும் பிளாஸ்மாப் பைக்கு நேர்மாறாகவும் இருக்கும். பிள்ளைகளின் நோட்டில் நான் பார்க்கிற தப்புகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

படி 2: டைலில் மூன்று சொட்டு

பி நெகட்டிவ் என்று யார் சொன்னது? பழைய ரிப்போர்ட், ஆதாரோடு சேர்த்து வைத்திருக்கிற அட்டை, அம்மாவின் ஞாபகம், எதையும் நம்பி இரத்தம் கொடுப்பதில்லை. புதிதாகச் சோதிக்க வேண்டும்.

ஒரு வெள்ளை டைலில் மூன்று சொட்டு வைப்பார்கள். நீலமாக இருப்பது ஆன்டி-ஏ, மஞ்சளாக இருப்பது ஆன்டி-பி, நிறமில்லாதது ஆன்டி-டி. நிறம் சும்மா அடையாளத்துக்குச் சேர்த்த சாயம்தான். வேலை செய்வது அதற்குள் இருக்கிற ஆன்டிபாடி. அதற்குப் பொருந்துகிற ஆன்டிஜென் சிவப்பணுவின் மேல் இருந்தால் அணுக்களைத் திரட்டிவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நோயாளியின் இரத்தம் ஒரு சொட்டு வைத்து, தனித்தனிக் குச்சியால் கலக்கி, டைலை மெல்ல அசைக்க வேண்டும்.

நம் நோயாளிக்கு நீலத்தில் இரத்தம் வழவழவென்று அப்படியே இருக்கிறது. மஞ்சளில் சில நொடிகளுக்குள் பால் திரிந்த மாதிரி ஆகிறது: தெளிந்த நீர், அதில் மிதக்கிற சிவப்புத் திப்பிகள். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் அவருடைய சிவப்பணுவின் மேல் பி ஆன்டிஜென் இருக்கிறது, ஏ இல்லை, டி இல்லை. பி நெகட்டிவ். ‘நெகட்டிவ்’ என்பது டி என்கிற அந்த ஒரு ஆன்டிஜென் இல்லை என்பதைத்தான் சொல்கிறது. அது குறையும் இல்லை, நோயும் இல்லை.

இதை இரண்டு நிமிஷத்துக்குள் படித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றுக்கும் மேலே ஓடுகிற ஃபேனுக்கும் சொட்டின் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த ஓரம் பார்ப்பதற்குத் திப்பி மாதிரியே இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நெகட்டிவை பாசிட்டிவ் என்று எழுதுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அதனால் இரத்த வங்கியில் டைலோடு விடுவதில்லை. டெஸ்ட் டியூபில் எதிர்ப்பக்கச் சோதனையும் செய்வார்கள். நோயாளியின் சிவப்பணுவை ஒதுக்கிவிட்டு அவருடைய சீரத்தை எடுத்து, ஏற்கெனவே வகை தெரிந்த ஏ அணு, பி அணு, ஓ அணு மூன்றோடும் தனித்தனியாகக் கலப்பார்கள். பி வகைக்காரரின் சீரம் ஏ அணுவைத் திரட்ட வேண்டும், பி அணுவையும் ஓ அணுவையும் விட்டுவிட வேண்டும். முதல் சோதனையும் இதுவும் ஒரே பதிலைச் சொன்னால்தான் வகையை எழுதுவோம். இரண்டும் முரண்பட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காரணம் தேட வேண்டியதுதான்.

பம்பாய் வகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1952-இல் பம்பாயில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். அது மாட்டுவது இந்த எதிர்ப்பக்கச் சோதனையில்தான். டைலில் பார்த்தால் சாதாரண ஓ மாதிரியே இருக்கும். ஆனால் சீரம் ஓ அணுவையும் திரட்டிவிடும். அவர்களிடம் ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையான ஹெச் என்ற பொருளே கிடையாது. ஆகவே ஓ இரத்தம்கூட அவர்களுக்கு ஆகாது, இன்னொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க வேண்டும். ‘ஓ எல்லாருக்கும் கொடுக்கும்’ என்று நோட்டில் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், கணக்குப் போடுங்கள்

இப்போது படி 2-இல் பார்த்ததை ஒரே வாக்கியமாக்கலாம். தன் சிவப்பணுவில் எது இல்லையோ, அதற்கு எதிரான ஆன்டிபாடி அவரவர் பிளாஸ்மாவில் இருக்கும். ஏ இல்லாத பி வகைக்காரரிடம் ஆன்டி-ஏ இருக்கும். இரண்டும் இல்லாத ஓ-காரரிடம் ஆன்டி-ஏ, ஆன்டி-பி இரண்டும் இருக்கும். யாரும் ஊசி போட்டு இது வருவதில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் மேற்பரப்பிலும் ஏ, பி போன்ற சர்க்கரைப் பொருள்கள் இருப்பதால், பிறந்து சில மாதங்களிலேயே குழந்தையின் உடல் இவற்றைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

சிவப்பணு ஏற்றும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பையில் இருக்கிற அணுவைத் தாக்கும் ஆன்டிபாடி வாங்குகிறவரிடம் இருக்கிறதா? பிளாஸ்மா ஏற்றும்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: பையில் இருக்கிற ஆன்டிபாடி வாங்குகிறவரின் அணுவைத் தாக்குமா? இதை நான்கு பேருக்கும் போட்டுப் பார்த்தால் இது கிடைக்கும்.

| வாங்குகிறவர் | அவர் பிளாஸ்மாவில் இருப்பது | சிவப்பணு யாரிடமிருந்து | பிளாஸ்மா யாரிடமிருந்து |
|---|---|---|---|
| ஓ | ஆன்டி-ஏ, ஆன்டி-பி | ஓ | ஓ, ஏ, பி, ஏபி |
| ஏ | ஆன்டி-பி | ஏ, ஓ | ஏ, ஏபி |
| பி | ஆன்டி-ஏ | பி, ஓ | பி, ஏபி |
| ஏபி | இரண்டும் இல்லை | ஏபி, ஏ, பி, ஓ | ஏபி |

அட்டவணையின் கடைசி இரண்டு பத்திகளையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள், ஒன்று இன்னொன்றைத் தலைகீழாக்கியதுதான். சிவப்பணுவில் ஓ வள்ளல். பிளாஸ்மாவில் வள்ளல் ஏபி.

ஆர்ஹெச், அதாவது பாசிட்டிவ்-நெகட்டிவ் விஷயம் கொஞ்சம் வேறு. டி இல்லாதவர்களிடம் ஆன்டி-டி பிறவியிலேயே வந்துவிடாது. டி பாசிட்டிவ் இரத்தம் உள்ளே போனாலோ, பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்தாலோதான் உருவாகும். அதனால் ஒரு நெகட்டிவ் ஆளுக்கு முதல் தடவை பாசிட்டிவ் கொடுத்தால் அந்த நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிக்கல் பின்னால் வரும். நம் நோயாளிக்கு 26 வயது. இன்று பாசிட்டிவ் பை ஏற்றி அவர் உடலில் ஆன்டி-டி உருவாகிவிட்டால், அடுத்த பிள்ளை பாசிட்டிவாக இருக்கும்போது அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ப் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கும். அதே இடத்தில் 60 வயது ஆண் இருந்து, உயிர் போகிற நிலை, நெகட்டிவ் கிடைக்கவே இல்லை என்றால் டாக்டர் பாசிட்டிவைக் கொடுக்க முடிவு செய்யலாம். ஒரே வகை, ஒரே பை, ஆனால் ஆளைப் பொறுத்து முடிவு மாறுகிறது. அம்புக்குறிப் படத்தில் இது வராது.

இந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அம்மாவுக்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழந்தையின் அணுக்கள் அம்மாவின் உடலில் பாடம் கற்பிப்பதற்கு முன் அவற்றை அப்புறப்படுத்தவே அந்த ஊசி.

படி 4: எந்தப் பை?

மருத்துவமனையின் இரத்த வங்கி ஃப்ரிட்ஜில் அன்று இருப்பது: பி பாசிட்டிவ் மூன்று, ஓ பாசிட்டிவ் இரண்டு, ஏ நெகட்டிவ் ஒன்று. ஆறு பை இருக்கிறது, ஆனால் ஒன்றும் உதவாது. முதல் ஐந்தும் டி-யால் அடிபடுகின்றன, ஆறாவது ஏ-யால். இந்தக் கழித்தலை அசைன்மென்டில் ஒவ்வொரு பையாகச் செய்து காட்டுங்கள். எனக்குத் தெரிந்து எந்த டீச்சரும் இதற்கு மார்க் குறைத்ததில்லை.

வேண்டியது பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ். நம் நாட்டில் நெகட்டிவ்காரர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருப்பார்கள். அதனால் ஒரு ஊரின் கையிருப்பு போதாமல் பக்கத்து ஊரைக் கேட்பது அடிக்கடி நடக்கும். eRaktKosh தளத்தில் எந்த வங்கியில் எத்தனை பை என்று பார்க்கலாம். ஆனால் திரையில் தெரிகிற எண்ணிக்கையில் ஏற்கெனவே வேறு நோயாளிக்கு ஒதுக்கிய பையும் சேர்ந்திருக்கலாம். பார்த்தவுடன் வண்டியை அனுப்பாமல் ஒரு போன் போட்டுக் கேட்பதுதான் பழக்கம்.

நம் கேஸில் புதுச்சேரியில் ஒரு வங்கி சொல்கிறது: பி நெகட்டிவ் ஒன்று, ஓ நெகட்டிவ் இரண்டு. பி நெகட்டிவையும் ஓ நெகட்டிவில் ஒன்றையும் கேட்கிறோம். இரண்டுமே ஓ நெகட்டிவாக வாங்கினால் வேலை சுலபமாக முடியும். ஆனால் வகை பார்க்கக்கூட நேரமில்லாமல் விபத்தில் வந்து விழுகிறவருக்கு ஓ நெகட்டிவை விட்டால் வழியில்லை. முடிந்தவரை அதே வகை, முடியாதபோதுதான் ஓ. இன்னொன்று, ஓ பையாக வருவது பேக்டு செல்லாக இருக்க வேண்டும். பிரிக்காத முழு இரத்தமாக இருந்தால் அதிலுள்ள பிளாஸ்மாவின் ஆன்டி-பி இந்தப் பெண்ணின் அணுக்களையே தாக்கும்.

படி 5: போக ஒரு பயணம், வர ஒரு பயணம்

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. பை மட்டும் பயணம் செய்வதில்லை. வகை பொருந்தினாலும், நோயாளியின் இரத்தத்தோடு அந்தக் குறிப்பிட்ட பையை வைத்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. இதுதான் க்ராஸ் மேட்ச்.

இரத்தப் பையின் வாலை நேரில் பார்த்தால் இது சட்டென்று புரியும். பையோடு ஒரு நீளமான மெல்லிய குழாய் இருக்கும். அதைச் சூடு வைத்துச் சிறு சிறு துண்டுகளாக அழுத்தி மூடியிருப்பார்கள், மல்லிகைச் சரத்தில் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்ட மாதிரி. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அதே கொடையாளரின் இரத்தம். குழாயில் ஒரே எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்கும். பையைத் திறக்காமல் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்துச் சோதிக்கத்தான் இந்த ஏற்பாடு.

அந்தத் துண்டிலுள்ள சிவப்பணுவை நோயாளியின் சீரத்தோடு கலந்து, முதலில் சுழற்றிப் பார்ப்பார்கள். திரண்டால் பெரும்பாலும் ஏ, பி வகையிலேயே எங்கோ தப்பு. திரளாவிட்டால் 37 டிகிரியில் அரை மணி நேரம்போல வைத்து, உப்பு நீரில் மூன்று முறை கழுவி, கூம்ஸ் சீரம் சேர்த்து மறுபடி சுழற்றுவார்கள். சில ஆன்டிபாடிகள் அணுவின் மேல் ஒட்டிக்கொள்ளும், ஆனால் அணுக்களை ஒன்றோடொன்று இழுத்துக் கட்ட அவற்றுக்கு எட்டாது. கூம்ஸ் சீரம் நடுவில் நின்று அவற்றைக் கோத்துக் காட்டிவிடும். கழுவுவதைச் சரியாகச் செய்யாவிட்டால், சும்மா மிதக்கிற ஆன்டிபாடியே கூம்ஸ் சீரத்தைத் தீர்த்துவிடும், சோதனை பொய்யாக ‘பொருந்துகிறது’ என்று சொல்லும். வகை பார்க்கும்போது தெரியாத மற்ற ஆன்டிபாடிகள், குறிப்பாக முன்னால் கர்ப்பமானவர்களிடமும் இரத்தம் ஏற்றியவர்களிடமும் இருப்பவை, மாட்டுவது இந்தக் கட்டத்தில்தான்.

சரி, இப்போது நேரக் கணக்கு. கடலூரிலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போய் ஊருக்குள் நுழைய ஐம்பது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் முருங்கப்பாக்கம், மரப்பாலம் பக்கம் நெரிசல் உண்டு.

முதல் வழி: நோயாளியின் இரத்த மாதிரியோடு உறவினர் புதுச்சேரிக்குப் போகிறார். 2.50-க்குப் புறப்பட்டால் 3.40. அங்கே வகை பார்த்து, க்ராஸ் மேட்ச் முடிக்க ஒரு மணி நேரம், 4.40. கட்டிக்கொண்டு 4.50-க்குப் புறப்பட்டால் நெரிசலோடு கடலூர் 5.50.

இரண்டாவது வழி: வங்கிக்கு வங்கி மாற்றம். இங்கேயும் உரிமம் உள்ள இரத்த வங்கி இருப்பதால், புதுச்சேரி வங்கி பைகளை க்ராஸ் மேட்ச் செய்யாமலே அனுப்புகிறது, வால் துண்டுகளோடு. 3.00-க்கு அங்கிருந்து புறப்பட்டால் 3.50-க்கு இங்கே. அந்த ஐம்பது நிமிஷத்தில் கடலூர் லேப் நோயாளியின் வகையையும் ஆன்டிபாடி சோதனையையும் முடித்து வைத்திருக்கும். வந்தவுடன் க்ராஸ் மேட்ச், 4.40-க்குப் பை வார்டுக்குத் தயார்.

பை கடக்கிற தூரம் இரண்டிலும் ஒன்றுதான். மிச்சமாகிற ஒரு மணி பத்து நிமிஷம் மாதிரியின் பயணத்தைத் தவிர்த்ததால் வந்தது. ஆனால் இரண்டாவது வழிக்குப் பையை எடுத்து வருபவர் உறவினராக இருக்க முடியாது. இரு வங்கிகளின் கடிதம், பை எண்கள், பரிசோதனை முடிவுகள், அனுப்பிய நேரம், வெப்பநிலை எல்லாம் பதிவாக வேண்டும்.

முதல் வழியில் போகிற மாதிரிக் குழாயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் வேலைக் காலத்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த குழாயில் பி பாசிட்டிவ் என்று வந்தது. அதே பெயருக்கு எங்கள் பழைய ரெஜிஸ்டரில் ஏ பாசிட்டிவ் என்று இருந்தது. திரும்ப இரத்தம் எடுக்கச் சொன்னோம், சத்தம் போட்டார்கள். விசாரித்தால் ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர். இரண்டு குழாயிலும் இரத்தம் எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்து பெயர் ஒட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, பழைய பதிவு ஒன்று இருந்தது. முதல் தடவை வருகிற நோயாளியாக இருந்திருந்தால் எங்கள் டைல், கூம்ஸ் எல்லாம் சரியாகவே வேலை செய்து, தப்பான ஆளுக்குச் சரியான பையைக் கொடுத்திருக்கும். குழாயில் பெயரும் உள்நோயாளி எண்ணும் கட்டில் பக்கத்திலேயே, நோயாளியையே பெயர் சொல்ல வைத்து, எழுத வேண்டும் என்பது இதற்காகத்தான்.

படி 6: பெட்டியில் அடுக்குவது

சிவப்பணுவை ஃப்ரிட்ஜில் 2 முதல் 6 டிகிரியில் வைக்க வேண்டும். சேர்த்திருக்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். பயணத்தில் 10 டிகிரி வரை அனுமதி. 10-ஐத் தாண்டினால் பையில் ஒன்றிரண்டு பாக்டீரியா இருந்தாலும் பெருக ஆரம்பிக்கும். பலர் இந்தப் பக்கத்துக்கு மட்டுமே பயப்படுகிறார்கள். இன்னொரு பக்கம்தான் வேகமாகக் கெடுக்கும்: உறைந்தால் பனிப் படிகம் சிவப்பணுவைக் கிழித்துவிடும். ஹீமோகுளோபினும் பொட்டாசியமும் வெளியே கொட்டும். அதை ஏற்றினால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும்.

எனவே ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பையோடு ஒட்டி வைக்கக் கூடாது. வெளியே கொஞ்ச நேரம் வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்கும்வரை விட வேண்டும். அப்போதுதான் அது பூஜ்ய டிகிரிக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு மூடி இறுக்கமாக உள்ள ஐஸ் பாக்ஸில் அடியிலும் பக்கவாட்டிலும் ஐஸ் பேக், அதன் மேல் அட்டை, நடுவில் பைகள், மறுபடி அட்டை, மேலே ஐஸ் பேக். குளிர்ந்த காற்று கீழே இறங்கும் என்பதால் மேல் அடுக்கை விட்டுவிடக் கூடாது. தெர்மாமீட்டரின் முனையை இரண்டு பைக்கும் நடுவில் செருக வேண்டும், ஐஸ் பக்கம் வைத்தால் அது ஐஸின் வெப்பநிலையைத்தான் காட்டும்.

இரண்டே பை உள்ள பெட்டி, பத்துப் பை உள்ள பெட்டியைவிட வேகமாகச் சூடாகும். குளிர்ந்த பைகளே ஒன்றுக்கொன்று குளிர் காக்கும் என்பதால், பை குறைந்தால் ஐஸ் பேக்கைக் கூட்ட வேண்டும். சித்திரை வெயிலில் காரின் டிக்கியில் பெட்டியை வைத்தால் எந்தக் கணக்கும் நிற்காது, உள்ளே, நிழலில், காலடியில் வைப்பதே நல்லது. கேரி பையில் ஐஸ் கட்டியைக் கொட்டி அதற்குள் இரத்தப் பையை முக்கிக்கொண்டு பைக்கில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தட்டணுப் பைக்கு இதெல்லாம் தலைகீழ். அதை 20 முதல் 24 டிகிரியில், ஆட்டிக்கொண்டே இருக்கிற எந்திரத்தில் வைத்திருப்பார்கள், ஐந்து நாள்தான் ஆயுள். ஐஸில் வைத்தால் தட்டணுவின் வடிவம் மாறிவிடும், ஏற்றியவுடன் உடல் அதை வடிகட்டி எறிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும்போது உறவினர்கள் அவசரத்தில் செய்கிற தப்பு இது: நல்லது செய்வதாக நினைத்து ஐஸ் வாங்கி வைத்துவிடுவார்கள். தட்டணுவுக்கு ஐஸ் இல்லாத, வெயில் படாத பெட்டி போதும்.

படி 7: வந்த பிறகு

பெட்டியைத் திறந்தவுடன் முதலில் தெர்மாமீட்டர், பிறகு கண். பையைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்தால் அணு கீழே படியும், மேலே மெல்லிய திரவம் நிற்கும். அந்தத் திரவம் வெளிறிய வைக்கோல் நிறமாகவோ தெளிவாகவோ இருக்கலாம். அணுவுக்கும் திரவத்துக்கும் இடையே கோடு தெரியாமல் மேலேயும் சிவப்பாக இருந்தால் அணு உடைந்திருக்கிறது. பை முழுக்கக் கறுத்திருந்தாலோ, கட்டி இருந்தாலோ, ஊதியிருந்தாலோ அதுவும் ஆகாது. சந்தேகமென்றால் பக்கத்தில் நல்ல பை ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் சட்டெனத் தெரியும்.

வார்டுக்குப் போன பையை அரை மணி நேரத்துக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். முடியாது என்றால் அதற்குள் இரத்த வங்கிக்குத் திருப்பிவிட வேண்டும், பிந்தினால் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வார்டு ஃப்ரிட்ஜ் இதற்கு ஆகாது. மருந்துக்காகத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள், ஃப்ரீசர் பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் உறைந்துவிடும். குளிர்ச்சி போகட்டும் என்று பையை வெந்நீர்ப் பக்கெட்டில் போட்ட ஒரு சம்பவம் எனக்குத் தெரியும். அந்தப் பையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, வேறு பை தேட இரண்டு மணி நேரம். ஏற்ற ஆரம்பித்தால் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

கட்டில் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பார்கள்: நோயாளி தன் வாயால் சொல்கிற பெயர், கையிலுள்ள பட்டை, க்ராஸ் மேட்ச் சீட்டு, பையின் எண், வகை, கெடு தேதி. முதல் பதினைந்து நிமிஷம் மெதுவாகச் சொட்டவிட்டு நர்ஸ் பக்கத்திலேயே நிற்பார். வகை மாறிப்போன பை என்றால் பெரும்பாலும் இந்த நேரத்திலேயே தெரியும்: குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, நெஞ்சு அடைப்பு, இனம் புரியாத பயம், பிறகு சிவந்த சிறுநீர். மயக்கத்தில் இருக்கிறவரால் இடுப்பு வலியைச் சொல்ல முடியாது. அங்கே இரத்த அழுத்தம் இறங்குவதும் சிறுநீரின் நிறமும்தான் துப்பு. அறிகுறி தெரிந்தால் முதல் வேலை சொட்டுவதை நிறுத்துவது. ஊசியை எடுக்காமல் உப்பு நீர் ஓடவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டு, பையையும் குழாயையும் அப்படியே இரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும். பையைக் குப்பையில் போட்டுவிட்டால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நம் கேஸில் அந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. 5.00 மணிக்கு பி நெகட்டிவ் பை ஆரம்பித்து 7.30-க்கு முடிந்தது, அப்புறம் ஓ நெகட்டிவ். ஆனால் லேபில் வேலை முடியவில்லை. நோயாளியின் இரத்த மாதிரியும், இரண்டு பைகளின் வால் துண்டுகளும் எண்ணோடு ஒரு ஸ்டாண்டில் நின்று ஃப்ரிட்ஜுக்குள் ஏழு நாள் இருக்கும். ஐந்தாம் நாள் அவருக்குக் கண் மஞ்சளாகி ஹீமோகுளோபின் திடீரென்று இறங்கினால், திறந்து மறுபடி சோதிக்க வேண்டியது அந்தத் துண்டுகளைத்தான்.